திரப்பேத்தோவும் செக்கும்

இத்தாலியின் தென்கிழக்கு முனையான சலேந்தோவில், தலைமுறைகளாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் குடும்பம் தன் கதையை எழுதினால் தாத்தாவின் ‘திரப்பேத்தோ’ அதில் வராமல் இருக்காது. தமிழாக்குபவரின் கை தானாகவே ‘செக்கு’ என்று எழுதிவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சொல் இலத்தீனின் ‘திரப்பேத்தும்’ என்பதிலிருந்து வந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ தன் வேளாண்மை நூலில் அக்கருவியை விவரிக்கிறார்: வட்டமான கல்தொட்டி, நடுவில் தூண், அதைச் சுற்றி உருளும் இரண்டு அரைக்கோளக் கற்கள். கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே இடைவெளி விடுவார்கள். கொட்டை நொறுங்கினால் எண்ணெயின் சுவை கெடும் என்பது ரோமரின் நம்பிக்கை. ஆனால் இந்தக் கருவி பழத்தைக் கூழாக்குவதோடு சரி. கூழை வட்டமான நார்ப்பாய்களில் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வேறொரு பொறியில் அழுத்தினால்தான் சாறு வடியும். அதிலும் பாதிக்குமேல் கறுத்த நீர். நிற்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை எடுக்க வேண்டும். நம் செக்கிலோ காய்ந்த எள் உலக்கையின் அடியிலேயே எண்ணெய் விட்டுவிடுகிறது.

பின்னர் கருவியின் பெயர் ஆலை முழுவதற்கும் ஆனது. பொது இத்தாலியன் ‘உடைத்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்த ‘ஃப்ரன்தோயோ’வைப் பிடித்துக்கொள்ள, தெற்கு பழைய சொல்லை விடவில்லை. எனவே ஃப்ரன்தோயோவுக்கு ‘ஆலிவ் ஆலை’ போதும். திரப்பேத்தோவை அப்படியே வைத்து ஒருமுறை விளக்குவதே நல்லது. ஊர்ப்பெருமை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

சலேந்தோவின் பழைய ஆலைகள் பல, பாறையைக் குடைந்த நிலத்தடி அறைகள். குளிரில் எண்ணெய் உறைந்துவிடும்; நிலத்தடியில் வெதுவெதுப்பு நிலைக்கும். அங்கே குளிர்காலம் முழுவதும் தங்கி உழைத்த குழுவின் தலைவருக்கு ‘நக்கீரோ’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு நக்கீரர் நினைவுக்கு வந்தாலும், அதன் வேர் கப்பல் தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அவரை வெறும் ‘மேற்பார்வையாளர்’ ஆக்கினால் கடல் காணாமல் போய்விடும்.

பேரன் காலத்தில் பாய்களும் அழுத்தும் பொறியும் போய்விட்டன. எஃகு இயந்திரம் பழத்தைக் கொட்டையோடு நொறுக்குகிறது, கூழை மெல்லப் பிசைகிறது, வேகமாகச் சுழன்று எண்ணெயைப் பிரிக்கிறது. ‘முதல் குளிர்ப் பிழிவு’ என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றிய விதி 27 பாகை செல்சியஸுக்குக் கீழே, பழைய பாணி அழுத்துபொறியில் எடுத்த எண்ணெய்க்கு மட்டுமே தருகிறது. சுழற்றிப் பிரித்ததற்கு, அதே வெப்ப வரம்புக்குள், ‘குளிர்முறையில் பிரித்தெடுத்தது’ என்று மட்டுமே எழுதலாம். ஆகவே ‘பிழிந்த’ என்ற வினை தாத்தாவின் பத்தியோடு நின்றுவிட வேண்டும். பேரனின் புட்டிக்குப் ‘பிரித்தெடுத்த’தான் பொருந்தும். ‘செக்கில் ஆட்டிய’ என்பது இருவருக்கும் பொருந்தாது.