பையில் வரும் இரும்பும் தட்டில் வரும் இரும்பும்

தலசீமியாவுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளை இருக்கிற வீட்டில், சமையலறையிலிருந்து முதலில் வெளியேறுவது முருங்கைக்கீரை. பின்னாலேயே பேரீச்சையும் வெல்லமும் கேழ்வரகும் போய்விடும். "உடம்புல இரும்பு கூடிப்போச்சு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்ட அம்மாவால் ரத்தப் பையை நிறுத்த முடியாது; கீரையை நிறுத்த முடியும். அந்த ஆற்றாமை புரிகிறது. ஆனால் இரண்டு வழியிலும் வரும் இரும்பை அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

பதினைந்து வயதுப் பெண், எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பை சிவப்பணு ஏற்றுகிறார்கள். ஒரு பையில் 280 மில்லி. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு சிவப்பணு. ஒரு மில்லி தனிச் சிவப்பணுவில் 1.08 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆக ஒரு பைக்குச் சுமார் 181 மில்லிகிராம், இரண்டுக்கும் 363. இதை 21 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 17 மில்லிகிராம் சேர்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே மூன்று நான்கு கிராம்தான். வேண்டாத இரும்பை வெளியே தள்ள உடம்பில் தனி வழி எதுவும் இல்லை. தோலும் குடலும் உதிர்க்கும் செல்களோடு தினம் ஒரு மில்லிகிராம் அளவுக்குப் போகும், அவ்வளவே.

இப்போது தட்டு. நூறு கிராம் முருங்கைக்கீரையில் ஐந்து மில்லிகிராமை ஒட்டி இரும்பு இருக்கும். தாவர இரும்பு குடலில் உறிஞ்சப்படுவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது அரை மில்லிகிராம் கூட இல்லை. தலசீமியாவில் குடல் வழக்கத்தைவிட அதிகம் உறிஞ்சும் என்பதால் இதை இரட்டித்தாலும் ஒரு மில்லிகிராம். பையில் வருவது பதினேழு.

இந்தப் பதினேழை வெளியேற்றத்தான் இரும்பு நீக்கும் மருந்து. டெஃபராசிராக்ஸ் மாத்திரை தினமும், டெஃபரிப்ரோன் நாளுக்கு மூன்று வேளை, அல்லது டெஸ்ஃபெரால் ஊசி இரவு முழுவதும் சிறு பம்ப் மூலம் தோலுக்கடியில். மருந்தின் அளவு வரவுக்குச் சரியாக ஈடுகொடுக்கிறது என்று கொண்டால், ஒரு நாள் தவறும்போது அன்றைய பதினேழும் உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தினம் கீரை தின்றால் சேர்வதற்குச் சமம். பதினைந்து வயதில் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கும் பழக்கம் எங்கும் உண்டு. தட்டைக் கண்காணிக்கிற வீடு மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறியவும் இரண்டு அளவைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஃபெரிட்டின் மலிவானது, எந்த லேபிலும் கிடைப்பது. ஆனால் காய்ச்சல் வந்தாலும் கல்லீரல் அழற்சி இருந்தாலும் அது ஏறும். ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறுவதைவிட வரிசையாக நாலைந்து எண்களின் போக்கைப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. 2500க்கு மேலேயே நின்றுவிட்டால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உறுப்பையே நேரடியாகப் பார்க்கிறது. இதயத்துக்கு எடுக்கும் 'டி2 ஸ்டார்' அளவு 20 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் நல்லது, பத்துக்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் அபாயம் பெரிது. இங்கே எண் குறையக் குறைய இரும்பு அதிகம் என்பதால், ஃபெரிட்டின் பார்த்துப் பழகிய பெற்றோர் சிலர் குறைந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று பொய்யாக்கும் நேரமும் உண்டு. மருந்து கல்லீரலை வேகமாகச் சுத்தம் செய்யும், இதயத்தை மெதுவாகத்தான். அதனால் நம் பெண்ணின் ஃபெரிட்டின் 3200லிருந்து 1400க்கு இறங்கி, கல்லீரலும் தேறி, இதயத்தின் டி2 ஸ்டார் இன்னும் 12லேயே நிற்கலாம். அந்த நிலையில் ஃபெரிட்டினை மட்டும் நம்பி மருந்தைக் குறைப்பது தவறு. இன்னொரு சான்றை ஸ்கேன் இல்லாமலே பார்க்கலாம்: உயரம் ஏறாமல் நின்றிருக்கிறதா, பதின்மூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லையா என்பது. பிட்யூட்டரி சுரப்பியில் இரும்பு படிந்தால் முதலில் தள்ளிப்போவது பருவமடைதல்தான்.

அப்படியானால் 'கீரை கூடாது' என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது? அது இதே நோயின் மற்றொரு வகைக்குப் பொருந்துவது. ரத்தம் ஏற்றாமலோ எப்போதாவது மட்டும் ஏற்றியோ ஹீமோகுளோபின் ஏழு எட்டில் காலம் தள்ளும் பிள்ளைகளுக்குப் பை வழி வரவு அநேகமாக இல்லை. குடல்தான் ஒரே வாசல். ரத்தசோகை கடுமையாக இருப்பதால் அந்த வாசல் அகலத் திறந்திருக்கும். தினம் மூன்று முதல் ஐந்து மில்லிகிராம் வரை உறிஞ்சி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிராம் சேர்த்துவிடும். அவர்களுக்குச் சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது உண்மையிலேயே உதவும், உறிஞ்சலைக் குறைக்கும். அவர்களிடம் ஃபெரிட்டின் 800 என்றாலே கல்லீரல் கனத்திருக்கலாம். ஒருவருக்கான உணவுப் பட்டியலை மற்றவரிடம் நகல் எடுத்துக் கொடுத்ததில்தான் குழப்பம்.

நம் பெண் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஆட்டு ஈரல், சுவரொட்டி, இரத்தப் பொரியல் மூன்றும் வேண்டாம். அவற்றில் இரும்பும் அதிகம், அந்த வகை இரும்பு குடலில் எளிதாக ஏறவும் செய்யும். இரும்பு கலந்த டானிக், லேகியம், சத்துமாவுப் பொடி ஆகியவற்றின் லேபிளைப் படிக்க வேண்டும். வைட்டமின் சி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. அது தேங்கிய இரும்பைக் கிளறிவிட்டு இதயத்தைத் தாக்க வைக்கும். டெஸ்ஃபெரால் ஊசியோடு டாக்டர் குறைந்த அளவில் எழுதினால் சரி. நெல்லிக்காயும் எலுமிச்சையும் உணவளவில் பயமில்லை. கேழ்வரகைத் திரும்பக் கொண்டுவரலாம்: நூறு கிராமில் முன்னூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்பு மெலியும் இந்த நோயில் அதை இழப்பது நஷ்டம்.

ரேஷன் கடைச் செறிவூட்டிய அரிசி பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்கிறார்கள். நாளுக்கு 200 கிராம் அரிசி என்றால் ஆறிலிருந்து எட்டரை வரை. உறிஞ்சப்படுவது ஒரு மில்லிகிராமுக்குள். கீரைக் கணக்கேதான். கவனிக்க வேண்டியது பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரை: ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. வகுப்போடு சேர்ந்து இவளும் விழுங்கிவிடாதபடி ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதிலிருக்கும் ஃபோலிக் அமிலம் தேவைப்பட்டால் தனி மாத்திரையாகக் கிடைக்கிறது.

இத்தனை தளர்வும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. ரத்தம் ஏற்றுமுன் பார்க்கும் ஹீமோகுளோபின் ஒன்பதரையை ஒட்டி இருக்க வேண்டும். ரத்தம் கிடைக்காமல் தேதி தள்ளிப்போய் அது ஏழுக்கு இறங்கினால், குடலின் வாசல் இவளுக்கும் அகலும். அப்போது தட்டின் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.