எழுபது பிறந்த கதை

1985இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீடெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற பொறியியலாளர் தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்து, மனதில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே 160 எழுத்துக்குள் அடங்கின. கைத்தொலைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே அழைப்பை ஏற்படுத்தும் சைகைகள் போகும் தடம் பல நேரம் சும்மா கிடந்தது. அதில் சிறு செய்தியை ஏற்றி அனுப்பலாம் என்பதே யோசனை. ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து பிடித்தது.

அந்த 7 பிட் அட்டவணையில் ஆங்கிலமும் ஐரோப்பிய எழுத்துகள் சிலவும் இருந்தன, தமிழ் இல்லை. ஆகவே தமிழ் வந்தால் செய்தி முழுவதும் ஓர் அலகுக்கு 16 பிட் எடுக்கும் முறைக்கு மாறும். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரேயொரு தமிழ் எழுத்து இருந்தாலும் இதே கதிதான்.

அந்த எழுபதும் எழுபது எழுத்தல்ல. யூனிகோட்டில் ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு அலகு. ‘ம்’ என்பதில் புள்ளி தனி அலகு. ‘இறக்காமம்’ என்பதை நாம் ஆறெழுத்தாக எண்ணுவோம். தொலைபேசி ஒன்பது என்று எண்ணும். செய்தி எழுபதைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் ‘மூன்றில் இது இரண்டாவது’ என்பது போன்ற குறிப்புக்கு 6 பைட் போய்விடும். துண்டுக்கு மிஞ்சுவது 67 அலகு.

சுனாமியைக் கண்ட நம் கரையோரத்தில் எச்சரிக்கைச் செய்தியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. 2009இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்காக டயலொக் நிறுவனமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் சேர்ந்து அமைத்த ‘டியூன்’ எச்சரிக்கை வலையமைப்பு மும்மொழியிலும் செய்தி அனுப்பும். ஆனால் எந்த வலையமைப்பானாலும் தமிழ்க் குறுஞ்செய்தி ஒரே துண்டாகப் போக இந்த எழுபதுக்குள்தான் நுழைய வேண்டும். அலுவலக நடையில் ஒன்றை எழுதிப் பார்ப்போம்:

“பொதுமக்களுக்கான முக்கிய அறிவித்தல்: இறக்காமம் குளம் வான் பாய்ந்து கொண்டிருப்பதனால் கரையோரப் பகுதிகளில் வசிக்கும் மக்கள் உடனடியாகப் பாடசாலைக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

இது 183 அலகு, மூன்று துண்டு. எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். முதல் துண்டு “பாய்ந்து க” என்று முடிகிறது. ‘கொ’வின் ஒகரக் குறி இரண்டாம் துண்டின் தலையில் அநாதையாக நிற்கிறது. இரண்டாவது “பாட” என்று நிற்க, “சாலைக்குச் செல்லுமாறு” மூன்றாவதில் கிடக்கிறது. மூன்றும் வந்து சேர்ந்தால் தொலைபேசி ஒட்டிக் காட்டிவிடும். மழையில் கோபுரம் திணறும் இரவில் ஒன்று தங்கிப்போனால், சில கருவிகள் முழுதும் வரட்டும் என்று எதையுமே காட்டாது. சில வந்ததை மட்டும் காட்டும். எங்கே போவது என்பது வராத துண்டில் இருக்கலாம்.

வெட்ட வேண்டிய இடம் தெளிவு. ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ ஒன்றே 26 அலகு தின்கிறது. அந்தச் சொல்லால் ஒரு வீடும் காப்பாற்றப்படுவதில்லை. ‘பொதுமக்களுக்கான முக்கிய அறிவித்தல்’ என்ற தலைப்பும் வேண்டாம். அனுப்புநர் பெயர் செய்திக்கு வெளியே தனியாக வருவதால் அலுவலகப் பெயரையும் உள்ளே எழுத வேண்டியதில்லை. மிஞ்சுவது:

“இறக்காமம் குளம் வான் பாய்கிறது. கரையோரத்தார் உடனே பாடசாலைக்கு வரவும்.”

69 அலகு, ஒரே துண்டு. ‘செல்லவும்’ என்று எழுதினால் அந்தச் சொல்லும் நீளம், முன்னே ஒரு ‘ச்’சும் வந்து ஒட்டும், எல்லை தாண்டிவிடும். ‘பாடசாலைக்கு’ என்பதைப் ‘பள்ளிக்கு’ என்று சுருக்கினால் இரண்டு அலகு மிச்சம்தான். ஆனால் நம் ஊரில் பள்ளி என்றால் பள்ளிவாசல். ஆட்கள் அங்கே போய் நிற்பார்கள். இடப்பெயரிலும் செய்ய வேண்டியதிலும் கை வைக்காமல், மரியாதைச் சொற்களில்தான் சிக்கனம் பிடிக்க வேண்டும்.

தமிழுக்கென 7 பிட் அட்டவணை ஒன்றும் தரநிலையில் பின்னர் சேர்க்கப்பட்டது. அதில் ஒரு செய்திக்கு 155 அலகு கிடைக்கும். ஆனால் பெறுகிற கருவிக்கும் அந்த அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் திரையில் குப்பைதான் வரும். ஊரில் பழைய பட்டன் போன்களும் இருக்கையில் எச்சரிக்கையை அதை நம்பி அனுப்ப முடியாது.

எழுதியதைக் கண்ணால் எண்ணாமல், அனுப்பும் மென்பொருளின் எண்ணியைப் பார்த்தே அனுப்ப வேண்டும். ‘யோ’வின் ஓகாரக் குறி சில விசைப்பலகைகளில் ஒரே அலகாகவும், சிலவற்றில் முன்னும் பின்னுமாக இரண்டு அலகாகவும் பதியும், திரையில் வித்தியாசமே தெரியாது. நம் செய்தியில் அது ஓரிடத்தில்தான் வருகிறது. இரண்டாகப் பதிந்தாலும் 70 ஆகும், தப்பிவிடும். அப்படி இரண்டு இடத்தில் வந்திருந்தால் 71. இரண்டாம் துண்டு பிறந்துவிடும்.