துறுதுறு குழந்தைக்கு ஊக்க மருந்தா? மூளையில் நடப்பது இதுதான்!

ஏடிஹெச்டி உள்ள குழந்தை ஏற்கெனவே ஓரிடத்தில் உட்காராது. அதுக்குப் போய் ஊக்க மருந்தா என்று பெற்றோர் பதறுவது சகஜம்தான்.

மூளை செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிட்டு, பிறகு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெத்தில்பெனிடேட் மருந்து அந்த உறிஞ்சும் வாசலை அடைக்கிறது. டோபமைன் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியும், மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டமும் சேர்ந்துதான் 'இதைக் கவனி, அதை விடு' என்று தீர்மானிக்கின்றன. மருந்து வேலை செய்யும்போது, வெளியே ஹாரன் அடித்தாலும் கையில் இருக்கும் கணக்கே முன்னுக்கு நிற்கும்.

டோஸ் கூடினால் கதை மாறிடும். கலகலப்பு போய், குழந்தை ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும். உடனே டாக்டரிடம் சொல்லணும்.

சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான். காலை 8 மணிக்குப் போட்டால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய துறுதுறுப்பு திரும்பிடும்.