கவலைக்கு அரை மணி நேரம்

கவலைக்கு வேளை கிடையாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாதம் பிசையும்போது வரும். கணக்கு எழுதும்போது வரும். விளக்கை அணைத்துப் படுத்தால் தவறாமல் வரும். அதற்கும் தினம் ஒரு வேளை குறித்துவிடலாம் என்று அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் 1983-இல் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அந்த யோசனை தூக்க வைத்தியத்திலிருந்து பிறந்தது.

1972-இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற மனோதத்துவ நிபுணர், தூக்கம் வராதவர்களுக்கு ஒரு முறை சொன்னார். படுக்கையில் புரண்டுகொண்டே யோசிக்கிறவனுக்கு நாளடைவில் படுக்கையைக் கண்டாலே யோசனை வந்துவிடுகிறது என்பது அவர் கட்சி. ஆகவே படுக்கை தூங்குவதற்கு மட்டும்தான். பத்து நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். கண் சொக்கினால் திரும்பி வரலாம்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டாமஸ் போர்கோவெக்கும் தூக்கமின்மையை ஆராய்ந்தவர்தான். படுக்கை யோசனையோடு பிணைந்துவிடுவது போல, கவலை சமையலறை, பஸ், மேஜை எல்லாவற்றோடும் பிணைந்துவிடுகிறது என்று அவரும் அவருடைய சகாக்களும் கருதினார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க, கவலையை ஒரே இடத்தோடு கட்டிப்போட்டார்கள். தினமும் அதே நேரம், அதே இடம், அரை மணி. நடுவில் கவலை தலைகாட்டினால், "இது கவலை" என்று அடையாளம் கண்டு, அந்த அரை மணிக்குத் தள்ளிவைத்துவிட்டுக் கையிலுள்ள வேலைக்குத் திரும்ப வேண்டும். குறித்த நேரம் வந்ததும் மனதாரக் கவலைப்படலாம். வழி ஏதாவது உண்டா என்றும் பார்க்கலாம். கவலையை விரட்டச் சொல்லவில்லை என்பதுதான் இதில் சூட்சுமம். விரட்டினால் அது இரட்டிப்பாகத் திரும்பி வரும். "சாயங்காலம் வா" என்றால் ஓரளவு கேட்டுக்கொள்ளும்.

ஆனால், இதற்குப் பின்னும் ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. கவலைப்படுகிறவர்கள் பலர் உள்ளூர அதை ஒரு காவல்காரனாக நினைக்கிறார்கள். பயந்தது நடக்காமற் போனால், நல்லவேளை, கவலைப்பட்டோம் என்று தோன்றிவிடுகிறது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இல்லாத ஆபத்துக்களைக் கட்டுவது என் தொழில். ஆனால், என் கதைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கவலையோ ஆபத்து உச்சத்தில் இருக்கும்போதே ஏட்டை மூடிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறது. முடிவு என்ன ஆயிற்று என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இரவுக் குறிப்பு இதற்காகத்தான் வந்தது.

ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, பாடத்தின் நடுவே, தகப்பனாரின் எக்ஸ்ரே நினைவு வருகிறது. "அப்பா, எக்ஸ்ரே" என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறாள். மாலை ஐந்து மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து விரிவாக எழுதுகிறாள். "ஏதோ கெடுதல் வரப்போகிறது" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "வியாழக்கிழமை எக்ஸ்ரேயில் அப்பாவுக்குக் கெட்ட வியாதி என்று தெரியும்." "வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் என் வகுப்பைப் பார்த்து மோசம் என்பார்." "கார் ரிப்பேருக்கு இருநூறு டாலருக்கு மேல் ஆகும்." இப்படித் தேதியோடு இருக்க வேண்டும். இரவில் சில நிமிஷம் ஏட்டைப் புரட்டி, முடிவு தெரிந்தவற்றுக்கு எதிரே குறிக்கிறாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் ஒரு திருத்தம் சொன்னார், அவ்வளவுதான். காருக்கு மட்டும் இருநூற்று நாற்பது ஆயிற்று. அதன் எதிரே, "பலித்தது; இரண்டு தவணையில் கட்டினேன்" என்று எழுதுகிறாள். பலித்த கவலைக்குப் பக்கத்தில் சமாளித்த விதத்தையும் எழுதுவது முக்கியம்.

இதைக் கணக்காகவே பார்த்தவர்கள் அதே பல்கலைக்கழகத்தின் லூக்காஸ் லாஃப்ரெனியரும் மிஷெல் நியூமனும். 2020-இல் வெளியான அவர்கள் ஆராய்ச்சியில், ஓயாக் கவலையே நோயாகிவிட்ட 29 பேர் பத்து நாள் தங்கள் கவலைகளைக் குறித்தார்கள். இரவுதோறும் திருப்பிப் பார்த்தார்கள். முப்பது நாள் வரை முடிவுகளைக் கவனித்தார்கள். 91.4 சதவிகிதம் பலிக்கவில்லை. ஒன்றுகூடப் பலிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். பலிக்காதவை எவருக்கு அதிகமோ, அவருக்கு நோயும் அதிகமாகத் தணிந்தது.

இருபத்தொன்பது பேர் கணக்கை ஊருக்கெல்லாம் பொதுவாக்கிவிடக் கூடாது. முப்பது நாளுக்குள் முடிவு தெரியாத கவலைகளும் இதில் அடங்கா. அந்த அரை மணியைத் தூங்கும் நேரத்துக்கு அருகே வைத்தால் முறையே கெட்டுப்போகும். பூட்ஸின் காலி செய்த கட்டிலில் கவலை மறுபடி ஏறிவிடும். இரவுக் குறிப்பு எழுதும்போது புதிய கவலைகள் முளைத்து ஏடு நீண்டால், வேளை தவறிவிட்டது என்று அர்த்தம்; அவற்றை மறுநாள் ஐந்து மணிக்கு வரச்சொல்ல வேண்டும்.

நூற்றில் எட்டு ஒன்பது பலிக்கத்தான் செய்கிறது. ஏட்டில் அவையும் மறைக்காமல் இருப்பதால்தான் மற்றத் தொண்ணூற்றொன்றை மனம் நம்புகிறது.