ஆய்வேடு நூலானபோது

கொலம்பியா பல்கலைக்கழகம் 1917இல் ஏற்ற அம்பேத்கரின் ஆய்வேடு ‘இந்தியாவின் தேசிய ஈவுத்தொகை’ என்று பெயர் பெற்றிருந்தது. 1925இல் இலண்டனில் நூலாக வெளிவந்தபோது, உள்ளடக்கத்தை நேராகச் சுட்டும் ‘பிரித்தானிய இந்தியாவில் மாகாண நிதியின் படிமலர்ச்சி’ என்னும் தலைப்பை ஏற்றது.

தலைப்பைவிடப் பெரிய மாற்றம் இறுதிப் பகுதியில் நிகழ்ந்தது. 1871 முதல் மாகாணங்களுக்கு முதலில் ஒதுக்கீட்டுத் தொகையும், பின்னர் குறிப்பிட்ட வருவாய்களும், அதன்பின் வருவாயில் பங்கும் கிடைத்த வரலாற்றை நூல் படிப்படியாக விளக்குகிறது. ஆய்வேடு ஏற்கப்பட்ட பின்னரே 1919ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. கல்வி முதலிய துறைகள் அமைச்சர்களிடம் சென்றன. நிதித்துறையோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே நின்றது. இச்சட்டத்தை ஆராயும் புதிய பகுதி நூலில் இடம்பெற்றது.

அதனால் பழைய இயல்களின் பணியும் மாறியது. முடிந்துபோன ஏற்பாடுகளின் பதிவாக இருந்தவை, புதிய ஆட்சிமுறையை அளக்கும் சான்றுகளாயின. அச்சுப்படிகள் அளிக்கப்பட்ட பின், 1927இல் முனைவர் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது.