பிட்ச் டெக் டிசைன்: ஸ்லைடு கணக்கா, மொத்த ரேட்டா?

முதலீட்டாளரிடம் நிறுவனர் போட்டுக்காட்டும் ஸ்லைடு தொகுப்புதான் பிட்ச் டெக். மதுரையில் ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையம் இருப்பதால், உள்ளூர் டிசைனர்களுக்கும் இந்த வேலை வருகிறது. ரேட்டை எப்படிப் பேசுவது?

உதாரணத்துக்கு, 12 ஸ்லைடு, ஒன்றுக்கு ரூ.500 என்றால் ரூ.6,000. கணக்கு சுலபம். சிக்கல் கடைசி நாளில்தான். கேட்கும் முதலீட்டை ரூ.50 லட்சத்திலிருந்து ரூ.75 லட்சமாக மாற்றுகிறார் நிறுவனர். ஒரு எண்தானே என்று தோன்றும். ஆனால் நிதி எதற்குச் செலவாகும், வருமானக் கணிப்பு, 18 மாதத் திட்டம் என எல்லா ஸ்லைடையும் மாத்தணும். எண்ணிக்கை அதே 12. டிசைனருக்கு ஒரு ரூபாய்கூட கூடாது. இரண்டு ஸ்லைடை ஒன்றாக்கச் சொன்னால் இன்னும் மோசம்: வேலை கூடும், பில் குறையும்.

எழுத்தெல்லாம் முடிவாகி, அழகுபடுத்த மட்டும் வந்தால் ஸ்லைடு ரேட் போதும். முடிவாகாத டெக்குக்கு மொத்த ரேட்தான் சரி. இரண்டு முறை திருத்தம் அதில் அடக்கம், பிட்சுக்கு 48 மணி நேரம் முன்பே எண்கள் இறுதி, அதன்பின் மணிக்கணக்கில் தனிக் கட்டணம் என்று வேலை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் ஒப்புதல் வாங்கிடுங்க.

சார்ட்டைப் படமாக ஒட்டாமல், பவர்பாயிண்டிலேயே திருத்தும்படி கொடுத்தால், கடைசி நிமிட எண்ணை நிறுவனரே மாத்திக்கலாம்.