மலிவாக வரும் குலை ஆலைக்கு மலிவுதானா? செம்பனைப் பழ விநியோகிப்பாளர்களின் மதிப்பெண் அட்டை

புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஜெரம் வட்டாரங்களில் சில ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர், வெட்டிய குலைகளைப் பெரும்பாலும் நேராக ஆலைக்குக் கொண்டுபோவதில்லை. லாரி நிறையும் அளவுக்கு அவரிடம் பழம் இருக்காது. பழம் வாங்கும் வியாபாரியின் எடை நிலையத்தில் கொடுத்துவிடுவார். அங்கே பலருடைய குலைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஆலைக்குப் போகும். தோட்டங்களின் லாரிகளோ நேராக ஆலைக்கே வரும். இப்படிப் பல இடங்களிலிருந்து பழம் வாங்கும் ஆலை, யாரிடம் எவ்வளவு வாங்குவது, என்ன விலை கொடுப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் அட்டை வைத்திருப்பது நல்லது. தாமதம், கழிவு, விலை என அதில் மூன்று பத்திகள் போதும்.

விலையில் தொடங்குவோம். குலை டன் கணக்கில் வாங்கப்பட்டாலும் ஆலைக்கு வேண்டியது எண்ணெய்தான். அதனால்தான் எம்.பி.ஓ.பி எனப்படும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் வழிகாட்டி விலை, ஒரு விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்று அமைந்திருக்கிறது. அதை எண்ணெய் விழுக்காட்டால் பெருக்கினால் ஒரு டன் குலையின் விலை கிடைக்கும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். எண்கள் மாதிரிக்கானவை. ஒரு விழுக்காட்டின் விலை 42 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் ஒன்று நன்கு பழுத்த குலையைக் கொடுக்கிறது. எண்ணெய் 20 விழுக்காடு, விலை டன்னுக்கு 840 ரிங்கிட். வியாபாரி ஒருவர், “தரம் பார்க்க வேண்டாம், மொத்தமாக 819 ரிங்கிட் கொடுங்கள்” என்கிறார். டன்னுக்கு 21 ரிங்கிட் குறைவு. காகிதத்தில் வியாபாரிதான் மலிவு. ஆனால் அவருடைய நூறு குலைகளில் பத்து காய். காய்க்குலையில் பழுத்த குலையின் பாதி எண்ணெய்தான் கிடைக்கும் என்று கொண்டால், அந்தச் சுமையின் எண்ணெய் 19 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. இப்போது ஒரு டன் எண்ணெய்க்கு ஆலை கொடுக்கும் பழ விலையைப் பாருங்கள். தோட்டத்துப் பழத்தில் 840-ஐ 0.20-ஆல் வகுத்தால் 4,200 ரிங்கிட். வியாபாரியின் பழத்தில் 819-ஐ 0.19-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4,310 ரிங்கிட். மலிவாகத் தெரிந்த பழத்தில் ஒரு டன் எண்ணெய்க்கு 110 ரிங்கிட் கூடுதலாகப் போகிறது.

ஆகவே விலைப் பத்தியில் குலையின் டன் விலையை எழுதினால் அட்டை தவறான ஆளைக் காட்டும். எண்ணெயின் டன்னுக்கு என்ன விழுகிறது என்றுதான் எழுத வேண்டும். விலைக்கு 50 மதிப்பெண், கழிவுக்கு 30, தாமதத்துக்கு 20 என்று பிரித்துக் கூட்டுவது பல நிறுவனங்களில் வழக்கம். அது எளிது. ஆனால் அந்த 50-ஐயும் 30-ஐயும் யாரோ ஒருவர் மனத்தில் தோன்றியபடி வைத்தவை. ரிங்கிட்டாக மாற்றக்கூடியதை ரிங்கிட்டாகவே மாற்றிவிட்டால் அந்தச் சர்ச்சைக்கு இடமில்லை.

அடுத்தது கழிவு. ஆலைத் தளத்தில் பழத்தைக் கொட்டியதும், தரம் பார்ப்பவர் சில குலைகளை எடுத்துச் சோதிப்பார். உதிர்ந்த பழத்தின் குழிகள் இருந்தால் குலை பழுத்திருக்கிறது. ஒரு பழம்கூட உதிராமல், தோல் கருப்பாக இருந்தால் அது காய். காய் என்று கண்டவற்றை ஆலை திருப்பி அனுப்பலாம், அல்லது விலையில் கழித்துக்கொள்ளலாம். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஐம்பது குலை பார்த்ததில் ஒன்று காய் என்றால் இரண்டு விழுக்காடு, இரண்டு காய் என்றால் நான்கு. கை வேறொரு குலையில் பட்டிருந்தால் கணக்கே மாறியிருக்கும். ஒரு லாரியை வைத்து ஒருவரைக் குறை சொல்லவோ புகழவோ முடியாது. ஒரு மாதத்தில் வந்த பத்துப் பதினைந்து லாரிகளின் குலைகளை ஒன்றாகக் கூட்டி, அதில் காய் எத்தனை என்று பார்த்தால்தான் அட்டையில் எழுதத்தக்க எண் கிடைக்கும்.

காய் ஏன் வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டு ஆள்களுக்கு எடைக்குக் கூலி. ஒரு மரத்தடிக்கு வந்தவர், இன்னும் சில நாள் பொறுக்க வேண்டிய குலையையும் சேர்த்து இறக்கிவிட்டால் அன்றைய எடை கூடும். ஆள் பற்றாக்குறையால் அடுத்த சுற்றுக்கு யாரும் வருவார்களா என்ற பயமும் உண்டு. வியாபாரிக்கு இது தெரியும். ஆனால் தரம் பார்த்து வாங்கினால் பழம் அடுத்த நிலையத்துக்குப் போய்விடும் என்று அவர் சும்மா இருப்பார்.

மூன்றாவதான தாமதம்தான் ஏமாற்றக்கூடியது. வெட்டிய குலை, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர வேண்டும் என்பது தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் அறிந்ததே. பழம் அடிபட்ட இடத்தில் அதன் நொதி எண்ணெயைச் சிதைத்து, கொழுப்பு அமிலத்தைப் பிரித்துவிடுகிறது. கச்சா எண்ணெய் விற்பனையில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. தாண்டினால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். ஆனால் கிடந்து வாடிய குலை தண்ணீரை இழக்கிறது. எடை குறைவதால் எண்ணெய் விழுக்காடு குறையாமலோ, சற்றுக் கூடியோ தெரியும். அதாவது, தாமதம் எண்ணெய்க் கணக்கில் ஒளிந்துகொள்ளும். பழைய பழம் ஒரு லாரி வந்தாலும், நல்ல பழத்தோடு கலந்து தொட்டியில் அமிலம் சற்றே ஏறும். யாருடையது என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் தாமதத்துக்குத் தனிப் பத்தி வேண்டும்.

ஆனால் குலை எப்போது வெட்டப்பட்டது என்பது லாரிச் சீட்டில் இருக்காது. வியாபாரியிடம் கேட்டால் “நேற்றுதான்” என்பார். காம்பின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் தெரியும். புதிதாக வெட்டியது ஈரமாக, வெளிறி இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் கிடந்தது காய்ந்து கறுத்திருக்கும். உதிரிப் பழம் மிக அதிகமாக இருந்தாலும் சந்தேகப்படலாம். தரம் பார்ப்பவர் இதைக் காய்க் கணக்கோடு சேர்த்து எண்ணினால் போதும், தனி ஆள் வேண்டாம்.

இங்கே ஆலை தன்னையும் கவனிக்க வேண்டும். காலையில் வாசலுக்கு வந்த லாரி, வரிசையில் நின்று இரவில் பழத்தைக் கொட்டினால், அந்தத் தாமதம் விநியோகிப்பாளருடையது அல்ல. நேரத்தை எடைமேடையில் நுழைந்த நொடியிலிருந்து குறிக்காமல் கொட்டிய நேரத்திலிருந்து குறித்தால், ஆலையின் குற்றம் வேறொருவர் அட்டையில் ஏறிவிடும்.

அட்டை தயாரானதும் முடிவு எப்படி இருக்கும்? மேற்சொன்ன வியாபாரியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. பழம் குறையும் மாதங்களில் ஆலைக்கு அவரும் தேவை. கொதிகலனைப் பாதிப் பழத்தோடு ஓட்டுவதற்கும் செலவு உண்டு. அந்த நெருக்கடியில்தான் தரம் பார்ப்பதும் தளர்கிறது. ஆலை செய்யக்கூடியது, 819 ரிங்கிட் மொத்த விலையை ஒப்புக்கொள்ளாமல், 19 விழுக்காட்டுக்கு உரிய 798 ரிங்கிட்டைச் சொல்வது. காய் குறைந்தால் விலை ஏறும் என்று மாத அட்டையை அவரிடமே காட்டுவது.

இதில் நசுங்குகிறவர் ஒருவர் உண்டு. பழுத்ததை மட்டும் வெட்டி, அன்றே நிலையத்துக்குக் கொண்டுவரும் சிறுதோட்டக்காரர். அவருடைய நல்ல குலை மற்றவர் காயோடு கலந்து, வியாபாரியின் அட்டையில் ஒரே எண்ணாகிவிடுகிறது. விலை குறையும்போது அவருக்கும் குறைகிறது. நிலையத்தில் கொட்டுவதற்கு முன்பே அவருடைய குலைகளைத் தனியாகத் தரம் பார்த்து, எத்தனை பார்த்தார்கள், எத்தனை காய் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால், சில மாதங்களில் அவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும். அக்கம்பக்கத்தில் அப்படி நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு லாரி நிறையும். அது நேராக ஆலைக்குப் போகலாம்.